முத்துவின் பக்கங்கள் கசங்கவே இல்லை: இரண்டு பார்வை நாவலில் அத்தியாய முடிவுகளைப் பழுது பார்த்த பதிவு

போன வருஷம் ஆடி மாதக் கடைசியில் என் நாவலின் முதல் முழு வரைவு முடிந்தது. 26 அத்தியாயம், சுமார் 78,000 சொல். ஒற்றைப்படை அத்தியாயங்கள் அக்கா பேச்சியின் பார்வையில், இரட்டைப்படை தம்பி முத்துவின் பார்வையில். பேச்சி தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்தில் கூலி வேலை பார்க்கிறாள். வீட்டில் படுத்த படுக்கையாய் அம்மா. முத்து உப்பு மூட்டை ஏற்றிக்கொண்டு ஓசூர் வரை போய் வரும் லாரி டிரைவர். ஒருத்தி ஓரிடத்தில் நிற்கிறாள், ஒருத்தன் ஓடிக்கொண்டே இருக்கிறான். மாற்றி மாற்றிச் சொன்னால் கதை தானாக நகர்ந்துவிடும் என்று நம்பித்தான் இந்த அமைப்பை எடுத்தேன்.

மூன்று பிரதி எடுத்து, ஸ்பைரல் பைண்டிங் போட்டு மூன்று பேரிடம் கொடுத்தேன். சித்தி மகள் ஒருத்தி, தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர், நூலகத்தில் பழக்கமான ஒரு தோழி. ஒரு மாதம் கழித்து முதலில் திரும்பி வந்தது சித்தி மகளின் பிரதி. அவள் என்ன சொன்னாள் என்பதற்கு முன்னால் அந்தப் பிரதியே ஒன்றைச் சொன்னது. பேச்சியின் பக்கங்கள் ஓரம் கசங்கி, இரண்டு இடத்தில் டீக்கறை, ஓரிடத்தில் மஞ்சள் விரல் ரேகை. முத்துவின் பக்கங்கள் கடையிலிருந்து வந்தபடியே இருந்தன. அதுவும் எல்லா முத்து அத்தியாயமும் அப்படி இல்லை. 2 நன்றாகப் புரட்டப்பட்டிருந்தது, 4 கொஞ்சம். 6, 8, 10 மூன்றும் புத்தம் புதிது.

கேட்டேன். மறைக்காமல் சொன்னாள்: "அக்கா, கதவ யாரோ தட்டுதான்னு முடிச்சிருக்கீங்க. யாருன்னு தெரியாம அங்க லாரில எப்படி ஏற முடியும்? நான் அப்படியே தாண்டிப் போயி யாருன்னு பாத்துட்டேன். அப்புறம் திரும்பி வரலாம்னுதான் நெனச்சேன்." திரும்பி வரவில்லை. பேச்சியை மட்டும் படித்தே கதை புரிந்துவிட்டது அவளுக்கு.

முத்துவின் அத்தியாயங்கள் சப்பென்று இருக்கின்றன, அவற்றைத்தான் திருத்த வேண்டும் என்று முதலில் நினைத்து, 6-ஆம் அத்தியாயத்தை இரண்டு வாரம் உட்கார்ந்து எழுதினேன். ஒரு சண்டை சேர்த்தேன், ஒரு போலீஸ் சோதனை சேர்த்தேன். நூலகத் தோழியிடம் அதை மட்டும் கொடுத்தபோது, பழையதே நன்றாக இருந்தது என்றாள். தனியாகப் படித்தால் அந்த அத்தியாயத்தில் குறையே இல்லை என்றும் சொன்னாள். அப்போதுதான் பழுது 6-இல் இல்லை, 5-இன் கடைசிப் பத்தியில் இருக்கிறது என்று உறைத்தது.

மூட்டுகளை மட்டும் பிரித்துப் பார்த்தது

தச்சு வேலையில் நாற்காலி ஆடினால் பலகையைச் செதுக்க மாட்டார்கள், மூட்டைத்தான் பார்ப்பார்கள். 26 அத்தியாயத்துக்கு 25 மூட்டு. ஒவ்வொரு அத்தியாயத்தின் கடைசி நூறு சொல்லையும் அடுத்ததன் முதல் நூறு சொல்லையும் வெட்டி, பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைகளின் பின்புறத்தில் ஒன்றின் கீழ் ஒன்றாக ஒட்டினேன். அதற்கும் கீழே, அதே ஆளின் அடுத்த அத்தியாயம் எப்படித் தொடங்குகிறது என்பதையும் ஒட்டினேன். 5-ஆம் அட்டை என்றால் 5-இன் முடிவு, 6-இன் தொடக்கம், 7-இன் தொடக்கம். ஒரு சாயங்காலம் அத்தனையையும் கூடத்தில் தரையில் பரப்பி வைத்துவிட்டு, நாவலை மறந்து அந்தத் துண்டுகளை மட்டும் வரிசையாகப் படித்தேன்.

ஒவ்வொரு அட்டையிலும் பென்சிலால் மூன்று விஷயம் எழுதினேன். இந்த முடிவைப் படித்ததும் வாசகர் எதைத் தெரிந்துகொள்ளத் துடிப்பார், அதற்கான விடை யாருடைய கையில் இருக்கிறது, எத்தனை பக்கம் கழித்து அது கிடைக்கிறது. இரண்டாவது கேள்விதான் எல்லாவற்றையும் காட்டிக் கொடுத்தது. 25 மூட்டில் 17-இல் விடை அதே ஆளிடமே இருந்தது. பேச்சி அத்தியாயம் எழுப்பிய கேள்விக்குப் பேச்சிதான் பதில் வைத்திருந்தாள், முத்து எழுப்பியதற்கு முத்து. ஐந்தில் கேள்வியே இல்லை. மூன்றே மூன்றில்தான் வாசகர் அடுத்த அத்தியாயத்துக்குள் ஏதோ தேடிக்கொண்டு நுழைகிற மாதிரி இருந்தது. அதில் ஒன்று 1-இலிருந்து 2-க்குப் போகிற மூட்டு. சித்தி மகளின் பிரதியில் 2 ஏன் கசங்கியிருந்தது என்பது அங்கே புரிந்தது.

நான் முடிவுகளைக் கற்றுக்கொண்ட இடம் வேறு. எங்கள் வீட்டில் அம்மா வார இதழ்த் தொடர்கதைகளைக் கிழித்துத் தைத்து பைண்டு செய்து வைத்திருந்தாள். பத்து வயதில் அதில்தான் என் வாசிப்பு தொடங்கியது. பொன்னியின் செல்வன் 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வாராவாரம் வந்தபோது, ஒரு வாரத்து முடிவில் வந்தியத்தேவனை ஆபத்தில் விட்டுவிட்டு அடுத்த வாரம் அரண்மனைப் பெண்களிடம் கதை போனால், வாசகர் என்ன செய்ய முடியும்? அடுத்த பக்கம் என்று ஒன்று இன்னும் அச்சாகவே இல்லை. தாண்டிப் போக வழியில்லாததால் கொடுத்ததைப் படித்துக்கொண்டு காத்திருந்தார்கள். அந்தக் காத்திருப்பே அடுத்த இழையையும் தாங்கியது. என் வாசகி கையில் இருப்பதோ முழுப் புத்தகம். விடை பதினான்கு பக்கம் தள்ளி இருக்கிறது, கட்டை விரலால் புரட்டினால் வந்துவிடும். தொடர்கதை முடிவை அப்படியே எடுத்துப் பார்வை மாறும் புத்தகத்தில் வைத்தால், அது வாசகரை அடுத்த அத்தியாயத்துக்கு இழுக்காது. அதைத் தாண்டி அடுத்ததற்கு அடுத்ததுக்குத் தள்ளிவிடும்.

5-இலிருந்து 6

முதலில் இதைத்தான் எடுத்தேன். பழைய முடிவு இது:

"விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தாள். பாதித் தூக்கத்தில் கதவை யாரோ தட்டும் சத்தம் கேட்டது."

அட்டையின் கடைசித் துண்டில், 7 எப்படித் தொடங்கியது தெரியுமா? அடுத்த வீட்டு ராசாத்தி தீப்பெட்டி கேட்டு நிற்கிறாள். அதாவது பதினான்கு பக்கம் வாசகரைப் பதற விட்டு, கடைசியில் தீப்பெட்டி. இதை அட்டையில் அடுத்தடுத்துப் பார்த்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. ஒரு முறை இப்படி ஏமாந்த வாசகர் அடுத்த முறை கதவு தட்டப்படும்போது நம்பமாட்டார். தட்டலை அடித்துவிட்டேன்.

அப்படியானால் 5 எங்கே முடிய வேண்டும்? அதே அத்தியாயத்தின் நடுவில் ஒரு சின்ன விஷயம் கிடந்தது. அம்மாவின் ஆஸ்பத்திரிச் செலவுக்காகப் பேச்சி அம்மாவின் நாலு பவுன் சங்கிலியை அடகு வைத்துவிட்டு வருகிறாள். தம்பிக்குச் சொல்லவில்லை. இது ஒரு பத்தியில் வந்து போய்விட்டது. 6-இல் முத்து என்ன செய்கிறான்? லாரி முதலாளி பழைய வண்டி ஒன்றில் பாதிப் பங்கு தருவதாகச் சொன்னதை நினைத்து மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே ஓட்டுகிறான். அந்தக் கணக்கில் அம்மாவின் சங்கிலியும் உண்டு. இரண்டும் என் கையிலேயே இருந்தன. ஒன்றுக்கொன்று முகம் காட்டாமல் கிடந்தன, அவ்வளவுதான்.

அடகுக் காட்சியை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, சீட்டை மட்டும் கடைசிக்குக் கொண்டு வந்தேன். புது முடிவு:

"அடகுச் சீட்டை நாலாக மடித்து முருகன் படக் காலண்டருக்குப் பின்னால் செருகினாள். தம்பி வீட்டுக்குள் வந்ததும் முதலில் அங்கேதான் போய் நிற்பான் என்று ஞாபகம் வந்தது. திரும்ப எடுத்தாள். அரிசிப் பானைக்குள் முழங்கை வரை விட்டுப் புதைத்தாள்."

6-இல் சங்கிலி நாலாவது பக்கத்தில்தான் வந்தது. அவ்வளவு தள்ளி வைத்தால் சூடு ஆறிவிடும். அந்த மூன்று வரியை மட்டும் முதல் பக்கத்துக்கு இழுத்தேன். எட்டயபுரம் தாண்டும்போது முத்து கிளீனர் பையனிடம், "அம்மா சங்கிலி நாலு பவுன் இருக்குல்லா, அது போக மீதிக்குத்தான் பாக்கணும்" என்கிறான். 6-இல் வேறு ஒரு வரியையும் தொடவில்லை. சேர்த்த சண்டையையும் சோதனையையும் எடுத்து எறிந்தேன். அப்படியும் அந்த அத்தியாயம் வேறாகிவிட்டது. அவன் டீக்கடையில் உட்கார்ந்து சிகரெட் அட்டையில் கணக்கு எழுதுவது முன்பு வெறும் கணக்கு. இப்போது அரிசிப் பானை நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. அவன் சந்தோஷப்படும் ஒவ்வொரு வரியும் வயிற்றைப் பிசைகிறது.

இந்த ஒரு மூட்டில்தான் எனக்கு வேலையின் போக்கு பிடிபட்டது. வாசகருக்கு ஒன்றைத் தெரியாமல் மறைத்து முடிப்பதைவிட, ஒன்றைத் தெரிய வைத்து, அது தெரியாத ஆளிடம் அவரை அனுப்பி வைப்பது பலமான இழுப்பு. மறைத்ததைத் தாண்டிப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். தெரிந்துவிட்ட ஒன்றோடு முத்துவின் பக்கத்தில் உட்காருவதற்கு முத்துவின் அத்தியாயத்தைப் படித்தே ஆக வேண்டும்.

12-இலிருந்து 13: பிரேக்

இது ரொம்ப நாள் எடுத்த மூட்டு. முத்து கேழ்வரகு மூட்டை ரிட்டர்ன் லோடு ஏற்றிக்கொண்டு தர்மபுரியிலிருந்து சேலம் பக்கமாக வருகிறான். வழியில் தொப்பூர் கணவாய். அந்த மார்க்கத்தில் இறக்கம், விபத்துக்குப் பேர் போன இடம். பழைய 12-ஆம் அத்தியாயம் "மிதித்தான். பிரேக் பிடிக்கவில்லை." என்று முடிந்தது. 13 பேச்சியின் உப்பு வாருதல், 3,800 சொல், நாவலிலேயே நான் அதிகம் உழைத்து எழுதிய அத்தியாயம். முத்துவையும் படித்த மற்ற இரண்டு வாசகர்களும் அதை மேலோட்டமாகத்தான் பார்த்தார்கள். தமிழாசிரியர் பென்சிலால் ஓரத்தில் எழுதியிருந்தார்: "உயிர் ஊசலாடும்போது உப்பு எதற்கு?"

முதலில் செய்து பார்த்தது, முடிவை இன்னும் முன்னால் வெட்டுவது. இறக்கம் தொடங்கும் இடத்திலேயே நிறுத்தினேன். இழுப்பும் போயிற்று, பயமும் போயிற்று. இரண்டாவது, 13-ஐ ஆயிரம் சொல்லாக வெட்டுவது. வாசகர் தாண்டமாட்டார், ஆனால் உப்பளம் செத்துவிட்டது. அதற்கு மனசு வரவில்லை.

கடைசியில், லாரியை 12-க்குள்ளேயே நிறுத்திவிட்டேன். கியரைக் குறைத்து, குறைத்து, ஓர மண்மேட்டில் இடது பக்கத்தை உரசி, வண்டி சாய்ந்து நிற்கிறது. கிளீனர் பையன் கீழே குதித்து வாந்தி எடுக்கிறான். பிழைத்துவிட்டார்கள், கேள்வி தீர்ந்துவிட்டது. அப்புறம் முத்து ஃபோனை எடுத்து அக்காவைக் கூப்பிடுகிறான். மணி பதினொன்று நாற்பது. அடித்து அடித்து ஓய்கிறது. மறுபடி போடுகிறான். எடுக்கவில்லை. "எந்த நேரத்திலும் இரண்டாவது ரிங்கில் எடுப்பவள்" என்று அவன் நினைப்பதோடு அத்தியாயம் முடிகிறது.

13 இப்படித் தொடங்குகிறது: சாப்பாட்டுத் தூக்குப் பையோடு ஃபோன் உடைமரக் கிளையில் தொங்குகிறது. பேச்சி நாலு பாத்தி தள்ளி நிற்கிறாள். தெற்கே கருக்கியிருக்கிறது. மழை விழுந்தால் பாத்தியில் விளைந்து கிடக்கும் உப்பு கரைந்து தண்ணீராகிவிடும், வாரிக் கரையேற்றிய மட்டும்தான் மிச்சம். ஃபோன் அடிப்பது அவள் காதில் விழுகிறது. எடுக்கப் போனால் ஒரு பாத்தி போகும். அவள் போகவில்லை.

உப்பு எதற்கு என்று இனி யாரும் கேட்க மாட்டார்கள். பேச்சி ஏன் எடுக்கவில்லை என்ற கேள்விக்கு விடையே அந்த உப்புதான். 3,800 சொல்லில் நூறு சொல்கூடக் குறைக்காமல் அந்த அத்தியாயம் படிக்கப்பட்டது. உயிராபத்தைத் தீர்த்துவிட்டால் இழுப்பு குறையும் என்று பயந்தேன். நடந்தது வேறு: பெரிய கேள்வி ஒன்று திறந்து கிடக்கும்போது சின்னக் கேள்வி எதுவும் காதில் விழாது, அதை மூடிய பிறகுதான் எடுக்கப்படாத ஃபோன் இவ்வளவு சத்தமாகக் கேட்கிறது.

இதில் ஒரு சிக்கல் பின்னால் வந்தது. பழைய வரைவில் 12 செவ்வாய்க்கிழமை நடந்தது, 13 அதற்கு முந்தைய நாள். தனித்தனியாக இருந்தபோது யாரும் கவனிக்கவில்லை. ஒரே ஃபோன் அழைப்பு இரண்டையும் தைத்ததும் நாள் இடித்தது. பதினொன்று நாற்பது என்று நேரமும் சொல்லிவிட்டதால் மழை மதியத்துக்கு மேல்தான் விழ வேண்டும், அம்மாவைப் பார்த்துக்கொள்ள வந்த ராசாத்தி அதற்கு முன் வீட்டுக்குப் போயிருக்கக் கூடாது. 14-இலும் 16-இலும் "நேற்று", "முந்தாநாள்" என்று வந்த ஏழு இடத்தைத் தேடித் திருத்தினேன். அதற்காகவே ஒரு நீளத்தாளில் இரண்டு பத்தி போட்டு, இடது பக்கம் பேச்சியின் நாள், வலது பக்கம் முத்துவின் நாள் என்று எழுதிச் சுவரில் ஒட்டினேன். பேச்சிக்கு ஒரு அத்தியாயம் ஒரு பகல். முத்துவுக்கு ஒரு அத்தியாயம் மூன்று நாள்கூட ஓடும். இரண்டையும் எந்த இடத்தில் கோர்க்கிறோமோ அந்த இடத்தில் மட்டும் கடிகாரம் ஒத்துப் போனால் போதும், மற்ற இடங்களில் தளர்வாக விட்டுவிடலாம் என்பது அந்தத் தாளைப் பார்த்துத் தெரிந்துகொண்டது.

கூடிப்போனது

கை பழகியதும் வேகம் வந்துவிட்டது. பதினைந்து நாளில் பத்து மூட்டை மாற்றினேன். சீட்டில் முடிந்தால் அடுத்தது சீட்டில் தொடங்கும். இங்கே மழை விழுந்தால் அங்கே வைப்பர் ஓடும். பேச்சி தம்ளரைக் கீழே வைத்தால் முத்து டீ கிளாஸை எடுப்பான். எழுதும்போது ரொம்ப அழகாகத் தோன்றியது. தமிழாசிரியர் இரண்டாவது பிரதியைப் படித்துவிட்டு வாசலில் வைத்தே சொன்னார்: "அம்மா, எட்டு, ஒம்பது, பத்து மூணும் அஞ்சல் ஓட்டம் மாதிரி இருக்கு. கட்டை கைமாறுறதத்தான் பாக்கறேன், ஓடுறவங்க முகம் தெரியல."

அவர் சொன்னது சரி. பொருள் கைமாறுவது கண்ணுக்குத் தெரியும் இணைப்பு, அதில் கேள்வி இல்லை. அடகுச் சீட்டு வேலை செய்ததற்குக் காரணம் சீட்டு ஒரு பொருள் என்பதில்லை, அதில் ஒருவருக்குத் தெரிந்தது இன்னொருவருக்குத் தெரியாது என்பதுதான். தம்ளரில் அப்படி எதுவும் கிடையாது. அட்டைகளைத் திரும்பப் பரப்பி, இரண்டாவது கேள்வியை மறுபடி கேட்டு, விடை கிடைக்காத நாலு மூட்டைப் பழையபடி ஆக்கினேன். 9-இன் முடிவில் இப்போது எந்தக் கொக்கியும் இல்லை. பேச்சி அம்மாவின் தலையில் எண்ணெய் வைத்துச் சிக்கெடுக்கிறாள், முடிந்துவிடுகிறது. முன்னால் இரண்டு அத்தியாயம் இழுத்து வந்த வாசகர் அங்கே மூச்சு விட்டுக்கொள்வார். 10-க்குள் அவரே நடந்து வருவார்.

19-இலிருந்து 20

அம்மா 19-இல் சாகிறாள். எந்த வகை முடிவும் இதற்கு ஒத்து வரவில்லை. அழுகையில் முடித்தேன், சங்கு ஊதுவதில் முடித்தேன், "முத்துவுக்கு எப்படிச் சொல்வது?" என்று பேச்சி கேட்பதில் முடித்தேன். கடைசியில் சொன்னது மோசம். வாசகர் மனசில் தானாக எழுகிற கேள்வியைப் பேச்சி வாயால் சொல்ல வைத்தால், அது அவருடையதாக இல்லாமல் போய்விடுகிறது. அந்த வரியை எடுத்தேன். இப்போது அத்தியாயம், காலையில் அம்மாவுக்குக் கஞ்சி கொடுத்த கிண்ணத்தைப் பேச்சி கழுவிக் கவிழ்த்து வைப்பதில் முடிகிறது.

20-இல் முத்து கிருஷ்ணகிரி தாண்டி ஒரு சாலையோரக் கடையில் அம்மாவுக்குக் கம்பளி பேரம் பேசுகிறான். முன்னூற்றைம்பது சொல்கிறார்கள், இருநூறுக்குக் கேட்கிறான். இந்தக் காட்சி பழைய வரைவிலும் இருந்தது, ஆனால் 16-இல் இருந்தது. அங்கே அது பாசமுள்ள மகன் என்று காட்டியதோடு சரி. 20-க்கு நகர்த்தியதும் அதைப் படிக்கவே முடியவில்லை என்றாள் தோழி. படிக்காமல் இருக்கவும் முடியவில்லை என்றாள்.

ஆனால் இந்த அறியாமையை எவ்வளவு நேரம் நீட்டலாம் என்பதில் தவறு செய்தேன். முதலில் 20, 22, 24 மூன்று அத்தியாயத்துக்கும் அவனுக்குத் தெரியாமலே இழுத்தேன். மூன்று வாசகர்களும் ஒரே குரலில், ஃபோன் இல்லாத காலமா இது, யாராவது சொல்லியிருக்க மாட்டார்களா என்றார்கள். அந்தக் கேள்வி வந்துவிட்டால் கோபம் முத்துவின் விதிமேல் போகாது, எழுதுகிறவர்மேல் வரும். சார்ஜ் தீர்ந்துவிட்டது, டவர் இல்லை என்று சாக்கு எழுதிப் பார்த்தேன். எல்லாம் சாக்காகவே தெரிந்தது.

வழி ஏற்கெனவே எழுதிய 12-இல்தான் இருந்தது. பேச்சி உடனே ஃபோன் செய்கிறாள். முத்து ஓட்டிக்கொண்டிருப்பதால் கிளீனர் பையன் எடுக்கிறான். செய்தி அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. முன்னால் தொப்பூர் இறக்கம் இருக்கிறது, அங்கே என்ன ஆகும் என்று அவன் ஒரு முறை பார்த்தவன். இறக்கம் தாண்டட்டும் என்று வாயை மூடிக்கொள்கிறான். "யாருல?" என்று முத்து கேட்க, "ஆபீஸ்லேர்ந்துண்ணே" என்கிறான். டீ குடிக்க நிறுத்திய இடத்தில் முத்து கம்பளி பேரம் பேசும்போது பையன் பின்னால் நின்று, "நான் வேணா நூறு ரூபா போடுறேன்ணே, வாங்கிருங்க" என்கிறான். பேரம் அதோடு முடிகிறது. முத்துவின் பார்வையில் எழுதுவதால் பையனின் மனசுக்குள் நான் போகவே இல்லை. அவன் கண்ணைத் துடைத்தால் முத்து அதைத் தூசி என்று நினைக்கிறான். வாசகர் மட்டும் பையனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அத்தியாயத்தை 1,900 சொல்லுக்குள் நிறுத்தினேன். சூடான மூட்டுக்கு அடுத்து வருவது நீண்டால் வாசகர் மறுபடி தாண்டத் தொடங்குவார் என்ற பயம் இங்கே அதிகம். இறக்கம் முடிந்து சமதளம் வந்ததும் பையன், "அண்ணே, வண்டிய ஓரங்கட்டுங்க" என்கிறான். அதோடு 20 முடிகிறது. 21 தூத்துக்குடியில், பந்தலுக்குக் கீழே பெரிய மாமா "எப்ப எடுக்கது?" என்று கேட்பதில் தொடங்குகிறது. லோடு வண்டி அங்கிருந்து வந்து சேரப் பத்து மணி நேரமாவது ஆகும் என்று வாசகருக்கும் தெரியும், பேச்சிக்கும் தெரியும். முத்து அழுவதை நான் எங்கேயும் எழுதவில்லை.

இப்போதைய கணக்குப்படி 11 மூட்டில் விடை எதிர் இழையில் இருக்கிறது, 8-இல் அதே இழையில், 6 கொக்கி இல்லாமல் ஆறுதலாக முடிகின்றன. அதே இழைக் கேள்விகளையும் முழுக்க எடுக்கவில்லை. உயிர், சாவு இல்லாத, பொறுத்திருக்கக்கூடிய கேள்விகளாக மட்டும் வைத்திருக்கிறேன். வட்டிக்காரர் திங்கட்கிழமை வருவார் என்பது போல.

22-இலிருந்து 23 இன்னும் உட்காரவில்லை. அடக்கம் முடிந்த மறுநாள் முத்து அரிசிப் பானையில் அரிசி அள்ளப் போகிறான். சீட்டு அவன் விரலில் படுவதோடு 22-ஐ முடித்தால் அது பழைய கதவு தட்டல்தான். படித்துப் பார்த்துவிட்டு, திரும்ப அதே இடத்தில் புதைத்துவிட்டு வந்து சாப்பிட உட்காருவதோடு முடித்தால் 23-இல் பேச்சி அவனுக்குப் பரிமாறும் காட்சிக்கு நல்ல கனம் கிடைக்கிறது. ஆனால் 18-இல் அவன் இருக்கும் ஆத்திரத்துக்கு இந்தப் பொறுமை அவனுக்கு எங்கிருந்து வந்தது என்று காட்ட வேண்டும். அதற்கு 20-இலோ 22-இலோ ஒரு இடம் தேடிக்கொண்டிருக்கிறேன். கம்பளி இன்னும் லாரி கேபினில்தான் கிடக்கிறது, அதை அவன் வீட்டுக்குள் எடுத்து வருகிற நேரமாக இருக்கலாம். இந்த வாரம் அதை எழுதிப் பார்க்கிறேன்.